பதினைந்து தலைப்பும் ஒரே தலைப்பாக இருந்தால்

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், லெபு பாசார் பக்கம், ஒரு பிளவுஸ் தையல் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கீழே சேலை வியாபாரம், மாடியில் தையல். தீவுக்குள்ளிருந்தும் கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த், பிறையிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். வாய்வார்த்தையாகவே வளர்ந்த கடை இப்போது கூகிள் தேடலில் விளம்பரம் போட முடிவு செய்கிறது. இந்த அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு கடையையே கையில் வைத்துக்கொள்வோம். உதாரணத்துக்காக உருவாக்கிய கடைதான் என்றாலும், இதன் வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகளை எந்தத் தையல் கடை வாசலில் நின்றாலும் கேட்கலாம்.

கூகிள் தரும் விளம்பரப் படிவத்தின் பெயர் Responsive search ad. 2018இல் அறிமுகமானது, 2022 ஜூன் 30க்குப் பிறகு, நாமே வரிசைப்படுத்தி எழுதும் பழைய விரிவான எழுத்து விளம்பரங்களைப் புதிதாக உருவாக்க முடியாது என்றாகிவிட்டது. புதிய படிவத்தில் தலைப்புக்கு 15 கட்டங்கள், ஒவ்வொன்றிலும் 30 எழுத்துக்கு இடம். விளக்கத்துக்கு 4 கட்டங்கள், ஒவ்வொன்றிலும் 90 எழுத்து. குறைந்தது 3 தலைப்பும் 2 விளக்கமும் கொடுத்தாக வேண்டும். யாராவது தேடும்போது கூகிள் இவற்றிலிருந்து அதிகபட்சம் 3 தலைப்பையும் 2 விளக்கத்தையும் எடுத்துக் கோத்துக் காட்டுகிறது. எதை எடுப்பது, எதை எதன் பக்கத்தில் வைப்பது என்பது அதன் முடிவு.

பதினைந்து கட்டங்கள் காலியாக இருப்பதைப் பார்த்ததும் கை பரபரக்கும். பெரும்பாலானோர் இப்படித்தான் நிரப்புகிறார்கள்:

தரமான பிளவுஸ் தையல்
சிறந்த பிளவுஸ் தையல்
நேர்த்தியான பிளவுஸ் தையல்
பினாங்கில் சிறந்த தையல்
அழகான பிளவுஸ், தரமான தையல்

இப்படியே பதினைந்தும் வந்துவிடும். ஆனால் சொல்லப்பட்டது ஒரே ஒரு செய்தி: நாங்கள் நன்றாகத் தைப்போம். இதில் ‘தரமான’ ஜெயித்து ‘நேர்த்தியான’ தோற்றால் கடைக்கு என்ன தெரியவந்தது? வாடிக்கையாளரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. ஆயிரக்கணக்கான முறை காட்டப்பட்டு, பணமும் செலவாகி, மாத முடிவில் கடைக்காரர் புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறார்.

தலைப்பை மாற்றி மாற்றிப் போட்டு எது ஆளை வரவழைக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் வேலை கூகிளோடு பிறந்ததல்ல. அமெரிக்க விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸ் 1923இல் வெளியிட்ட நூலிலேயே இதை ஒரு முறையாக விளக்கியிருக்கிறார். பத்திரிகை விளம்பரத்தின் ஓரத்தில் வெட்டி அனுப்பும் கூப்பன் இருக்கும். ஒவ்வொரு விளம்பரத்தின் கூப்பனிலும் வெவ்வேறு அடையாளம் அச்சாகியிருக்கும். தபாலில் திரும்பி வரும் கூப்பன்களை எண்ணினால் எந்தத் தலைப்பு வேலை செய்தது என்று தெரிந்துவிடும். அந்தக் கூப்பனுக்கு இன்று நம் கையில் ஒரு மாற்று இருக்கிறது. அதைச் சற்றுப் பின்னால் பார்ப்போம். அவர்கள் எண்ணியதில் ஒரு தெளிவு இருந்தது: ஒரு கூப்பன் திரும்பி வந்தால் அது எந்த வாசகத்துக்கு வந்த பதில் என்பதில் சந்தேகமே இல்லை. நம் படிவத்தில் இழந்திருப்பது அந்தத் தெளிவைத்தான். அதை மீட்பதே இந்த அத்தியாயத்தின் வேலை.

முதலில் கோணம் என்பதை வரையறுத்துக்கொள்வோம். ஒரு பெண் இந்தக் கடையைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் இருக்கும், அல்லது தேர்ந்தெடுக்கத் தயங்க ஒரு கவலை இருக்கும். அந்தக் காரணமோ கவலையோதான் ஒரு கோணம். ஒரே காரணத்தைப் பத்து விதமாகச் சொன்னாலும் அது ஒரு கோணம்தான். இரண்டு தலைப்புகள் உண்மையிலேயே வேறு கோணமா என்று பார்க்க நான் ஒரு கேள்வியை வைத்துக்கொள்வேன்: இது ஜெயித்து அது தோற்றால், கடையில் எதையாவது மாற்றுவேனா? ‘தரமான’வுக்கும் ‘நேர்த்தியான’வுக்கும் இந்தக் கேள்வியைப் போட்டால் பதில் இல்லை. ‘மூன்று நாளில் தயார்’ என்பதற்கும் ‘பொருந்தும்வரை இலவசத் திருத்தம்’ என்பதற்கும் போட்டுப் பாருங்கள். முதலாவது ஜெயித்தால் இன்னொரு தையல்காரரை வேலைக்கு வைப்பேன். இரண்டாவது ஜெயித்தால் அணிந்து பார்க்கும் அறையைப் பெரிதாக்குவேன், திருத்தத்துக்கென்று தனி ஆள் போடுவேன். முடிவு மாறினால் செயல் மாறும் இடத்தில்தான் கோணமும் மாறியிருக்கிறது.

இந்தக் கோணங்களை மேசையில் உட்கார்ந்து யோசித்து எடுக்க வேண்டாம். கடையின் வாட்ஸ்அப்பைத் திறந்து, வந்த செய்திகளின் முதல் வரியை மட்டும் வரிசையாகப் படியுங்கள். “அக்கா, வெள்ளிக்கிழமை வேணும், முடியுமா?” இது அவசரம். “போன தடவை வேற கடையில தைச்சேன், கை ரொம்ப டைட்.” இது பொருத்தம். “சாதா பிளவுஸ் எவ்வளவு, லைனிங் வச்சா எவ்வளவு?” இது கூலி. “அளவு எடுக்கிறது லேடீஸ்தானே?” இது கூச்சம். “பட்டர்வொர்த்துல இருந்து ஒவ்வொரு தடவையும் வர முடியாது, பழைய பிளவுஸ் அனுப்பினா தைப்பீங்களா?” இது தூரம். ஐந்து பெண்கள், ஐந்து வெவ்வேறு கவலைகள். இவர்களில் யாரும் “நீங்கள் தரமாகத் தைப்பீர்களா?” என்று கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னும் கூர்ந்து பார்த்தால், ஒன்றுபோலத் தெரிபவையும் பிரியும். தையல் கடை என்றாலே நாள் தள்ளிப் போகும் என்ற பயம் நம் பெண்களுக்கு உண்டு. “இன்னைக்கு வா, நாளைக்கு வா” என்று அலைந்தவருக்கு மூன்று நாள் என்ற வேகம் முக்கியமில்லை. பத்து நாள் ஆனாலும் சொன்ன தேதியில் கைக்கு வந்தால் போதும். ஆகவே வேகம் ஒரு கோணம், வாக்குத் தவறாமை இன்னொரு கோணம். இரண்டையும் ‘நேரம்’ என்ற ஒரே பெட்டியில் போட்டுவிட்டால் கடைக்கு மிகவும் பயனுள்ள செய்தியை இழந்துவிடுவோம். வேகம் ஜெயித்தால் ஆள் சேர்க்க வேண்டும். வாக்கு ஜெயித்தால் ஆள் சேர்க்க வேண்டியதில்லை; தேதியைச் சற்றுத் தாராளமாகச் சொல்லி, அதைக் காப்பாற்றினால் போதும்.

இப்போது எழுதுவோம்.

3 நாளில் பிளவுஸ் தயார்
சொன்ன தேதியில் கொடுப்போம்
பொருந்தும்வரை இலவசத் திருத்தம்
தையல் கூலி 45 வெள்ளி முதல்
அளவெடுப்பது பெண்கள் மட்டுமே
அளவு பிளவுஸ் கொடுத்தால் போதும்
கல்யாணப் பெண்ணுக்கு ஆரி வேலை

தமிழில் எழுதும்போது 30 என்ற எல்லை நாம் நினைப்பதைவிடக் குறுகியது. ‘பினாங்கு’ என்பது நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு அது எட்டு: கொம்பு, கால், சுழி, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். இடைவெளியும் ஒன்று. ஆகவே தமிழ்த் தலைப்புக்குக் கிடைப்பது ஏறக்குறைய பதினெட்டு இருபது எழுத்துதான். மேலே உள்ள திருத்தத் தலைப்பை ‘பொருந்தும் வரை’ என்று பிரித்து எழுதினால் 31 ஆகிறது, படிவம் ஏற்காது. இந்த இடத்தில் பலர் ‘இலவசத்’ என்பதிலுள்ள ஒற்றை வெட்டிவிடுவார்கள். அதற்குப் பதில் ‘பொருந்தும்வரை’ என்று சேர்த்து எழுதினால் சரியாக 30. ஒற்றுப்பிழையுள்ள விளம்பரத்தைப் பார்த்து ஒரு தமிழாசிரியை வேறு கடைக்குப் போய்விடக்கூடும்; தையலில் கவனமாக இருப்பவர்கள் எழுத்திலும் கவனமாக இருப்பது நல்லது.

இந்த ஏழையும் அப்படியே ஒரே விளம்பரத்தில் போட்டுவிடலாமா? போடுவதற்கு முன், எந்த இரண்டு பக்கத்துப் பக்கத்தில் வந்தாலும் பொய்யாகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ‘தையல் கூலி 45 வெள்ளி முதல்’ என்பதற்கு அடுத்து ‘கல்யாணப் பெண்ணுக்கு ஆரி வேலை’ வந்தால், ஆரி வேலைக்கு 45 வெள்ளி என்றுதான் படிப்பவர் புரிந்துகொள்வார். ‘3 நாளில் பிளவுஸ் தயார்’ அதோடு சேர்ந்தால் இன்னும் மோசம். ஆரி வேலை செய்பவர் கண்வலிக்க உட்கார்ந்து வாரக்கணக்கில் செய்வதை மூன்று நாளில் தருவதாகச் சொன்னது போல ஆகிவிடும். கல்யாணப் பெண்ணின் அம்மா கடைக்கு வந்து சண்டை போட்டால் அவர் மேல் தவறில்லை. இரண்டு தலைப்புகள் இப்படி மோதிக்கொண்டால், அவை ஒரே பொருளின் இரண்டு கோணங்கள் அல்ல. இரண்டு வேறு பொருள்கள். கல்யாண பிளவுஸைத் தனி விளம்பரக் குழுவாகப் பிரித்து, அதற்குரிய தேடல் சொற்களோடும் தனிப் பக்கத்தோடும் வைத்துவிடுங்கள். மீதி ஆறும் ஒன்றோடொன்று சேர்ந்து வாழும்.

சேர்ந்து வாழும் என்பதால் ஒரே விளம்பரத்தில் கலந்து போட்டால் எது ஜெயித்தது என்று தெரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். இந்த இடத்தில்தான் அனுபவசாலிகளும் ஏமாறுகிறார்கள். ஒவ்வொரு தலைப்பும் எத்தனை முறை காட்டப்பட்டது என்பது போன்ற எண்களை கூகிள் தனி அறிக்கையாகத் தருகிறது. அதைப் பார்த்ததும், அதிகம் காட்டப்பட்டது ஜெயித்தது என்று எழுதிக்கொள்ளத் தோன்றும். இரண்டு காரணங்களால் அது தவறு. முதலாவது, ஒரு பெண் கிளிக் செய்தபோது அவர் கண்முன் மூன்று தலைப்புகள் வரை இருந்தன. அவரை இழுத்தது எது என்று யாருக்கும் தெரியாது. மூன்றுமே அந்தக் கிளிக்கில் பங்கு பெறும். எப்போதும் நல்ல தலைப்போடு சேர்ந்து காட்டப்படும் சாதாரணத் தலைப்பும் நல்ல எண்ணோடு நிற்கும். இரண்டாவது, எந்தத் தலைப்பை யாருக்குக் காட்டுவது என்பதை அவர் தேடிய சொல்லைப் பார்த்து கூகிள் தேர்ந்தெடுக்கிறது. கூலியைத் தேடியவருக்குக் கூலித் தலைப்பு போகும், அவசரமாகத் தேடியவருக்கு மூன்று நாள் தலைப்பு போகும். இரண்டு தலைப்புகளும் ஒரே கூட்டத்தின் முன் நிற்கவில்லை என்றால் அவற்றின் எண்களை ஒப்பிட்டு ஒன்றும் சொல்ல முடியாது.

கலந்து போடுவது கெட்டது என்று சொல்லவில்லை. சோதனை முடிந்து, எது வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகு, தேடுபவருக்கு ஏற்றதைக் கூகிளே எடுத்துக் கொடுக்கட்டும் என்று கலந்து விடலாம். கற்றுக்கொள்ள வேண்டிய காலத்தில் மட்டும் பிரித்து வைக்க வேண்டும்.

பிரிப்பதற்குக் கணக்கில் Experiments என்ற பகுதி இருக்கிறது. அதில் உங்கள் பிரசாரத்தின் நகல் ஒன்றை உருவாக்கி, தேடுபவர்களில் பாதிப் பேருக்கு மூலத்தையும் பாதிப் பேருக்கு நகலையும் காட்டச் சொல்லலாம். பிரிக்கும் முறையில் குக்கியை வைத்துப் பிரிப்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் ஒரே பெண் காலையில் ஒன்றையும் மாலையில் மற்றொன்றையும் பார்த்துக் குழம்பமாட்டார். தேடல் சொற்கள், ஏலத் தொகை, காட்டும் இடம், நேரம் எல்லாம் இரண்டிலும் ஒன்றாக இருக்கும். விளம்பர வாசகம் மட்டும் வேறு. ஒரே குழுவில் இரண்டு விளம்பரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒப்பிடலாமே என்று கேட்கலாம். ஒரு குழுவில் மூன்று வரை அனுமதி உண்டுதான். ஆனால் கூகிள் தனக்குப் பிடித்த ஒன்றுக்கே பெரும்பாலான வாய்ப்பைக் கொடுத்துவிடும். தானியங்கி ஏலத்தில் இருந்தால் சமமாகச் சுழற்றச் சொன்னாலும் கேட்காது.

நம் கடை முதல் சோதனைக்கு வேகத்தையும் பொருத்தத்தையும் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு விளம்பரம். தலைப்புக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஊசி போன்ற ஒரு குறி இருக்கும். அதை அழுத்தினால் அந்தத் தலைப்பை முதல், இரண்டாம் அல்லது மூன்றாம் இடத்தில் குத்தி நிறுத்தலாம். முதல் இடத்தில் இரண்டு பக்கமும் ஒரே தலைப்பு: ‘பினாங்கு பிளவுஸ் தையல்’. தேடியது இங்கே இருக்கிறது என்பதை அது சொல்லிவிடும். அதில் கோணம் வேண்டாம். இரண்டாம் இடத்தில்தான் கோணம். வேகப் பக்கத்தில் ‘3 நாளில் பிளவுஸ் தயார்’, ‘இன்று அளவு, 3ஆம் நாள் கையில்’ என்ற இரண்டையும் அந்த இடத்தில் குத்துங்கள். பொருத்தப் பக்கத்தில் ‘பொருந்தும்வரை இலவசத் திருத்தம்’, ‘கை, கழுத்து அளவு பிசகாது’. ஒரே இடத்தில் இரண்டு குத்தினால் கூகிள் அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளும். எதை எடுத்தாலும் கோணம் மாறாது. சொல்மாற்றத்துக்கு இடம் கொடுத்துவிட்டு, காரணத்தை மட்டும் பூட்டி வைக்கிறோம். கோணத்தை மூன்றாம் இடத்தில் குத்தாதீர்கள். மூன்றாம் தலைப்பும் இரண்டாம் விளக்கமும் எப்போதும் காட்டப்படும் என்ற உறுதி இல்லை.

விளக்கத்திலும் முதல் இடத்தைக் கோணத்துக்கே கொடுங்கள். வேகத்துக்கு: ‘இன்று அளவு கொடுங்கள், மூன்றாம் நாள் மாலை பிளவுஸ் கையில். அவசரம் என்றால் அழையுங்கள்.’ பொருத்தத்துக்கு: ‘போட்டுப் பாருங்கள். கை, கழுத்து சரியில்லை என்றால் கூலியின்றிப் பிரித்துத் தைப்போம்.’ இரண்டும் 90க்குள் நிற்கின்றன. விளக்கம் தலைப்பையே திரும்பச் சொல்லக் கூடாது. தலைப்பு கொடுத்த வாக்கு எப்படி நிறைவேறும் என்பதை அது சொல்ல வேண்டும். எந்த நாள், எந்த வேளை, யார் செலவு என்ற விவரம்தான் ஒரு வாக்கை நம்பவைக்கிறது. மீதிக் கட்டங்களில் கடை இருக்கும் தெரு, திறந்திருக்கும் நேரம் போன்ற பொதுச் செய்திகளை இரண்டு பக்கமும் ஒரேமாதிரி போட்டுவிடுங்கள்.

இப்படிக் குத்தி நிறுத்தியதும் Ad strength என்ற அளவுகோல் கீழே இறங்கி Poor அல்லது Average என்று காட்டலாம். இன்னும் தலைப்புகளைச் சேர், குத்தியதை எடு என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். இந்த மதிப்பு ஏலத்தில் உங்கள் இடத்தைத் தீர்மானிப்பதில்லை. சோதனைக் காலத்தில் அதைப் பார்க்காமலே இருங்கள். ஆனால் பிரசார அமைப்பில் Automatically created assets அல்லது Text customization என்ற பெயரில் உள்ள வசதி அணைந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது திறந்திருந்தால் உங்கள் இணையப் பக்கத்திலிருந்து வாசகங்களை எடுத்து கூகிள் தானே தலைப்பு சேர்க்கும். பொருத்தப் பக்கத்தில் வேகம் வந்து உட்கார்ந்துவிடும். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் ஒரு கவனம் வேண்டும். இயல்பாக இருக்கும் அமைப்பு, பினாங்கில் இருப்பவர்களோடு பினாங்கில் ஆர்வமுள்ளவர்களுக்கும் காட்டும். சென்னையிலிருந்து சுற்றுலாவுக்குத் தேடுபவர் உங்கள் எண்களில் கலந்துவிடுவார். Presence என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, கூப்பன். கிளிக் எத்தனை என்பதை கூகிள் சொல்லும். கிளிக் செய்தவர்களில் யார் செய்தி அனுப்பினார், யார் துணியோடு வந்தார் என்பதுதான் கடைக்கு வேண்டியது. இணையப் பக்கத்தை இரண்டு நகலாக வையுங்கள். இரண்டிலும் எல்லாம் ஒன்றே. வேகமும் பொருத்தமும் இரண்டு பக்கத்திலும் சொல்லப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் விளம்பரம் கொடுத்த வாக்கைப் பக்கம் காப்பாற்றாது. வாட்ஸ்அப் பொத்தானில் மட்டும் ஒரு வித்தியாசம்:

```
https://wa.me/60XXXXXXXXX?text=Blouse%20A
https://wa.me/60XXXXXXXXX?text=Blouse%20B
```

பொத்தானை அழுத்தியதும் செய்திப் பெட்டியில் இந்தச் சொல் தயாராக இருக்கும். வாடிக்கையாளர் அதன் பின்னால் தன் கேள்வியை எழுதி அனுப்புவார். கடையில் பதில் சொல்பவர் A, B என்று எண்ணி எழுதிவைத்தால் போதும். துணியோடு வந்தவர் எந்த எழுத்தில் வந்தார் என்பதையும் ரசீதில் குறித்துக்கொள்ளலாம். ஹாப்கின்ஸின் கூப்பன் அடையாளம் செய்த வேலையை இந்த ஒற்றை எழுத்து செய்கிறது.

எண்கள் வரத் தொடங்கியதும் பொறுமை போய்விடும். மூன்றாம் நாளில் வேகத்துக்கு 9 கிளிக், பொருத்தத்துக்கு 4 என்றால், வேகம் இரண்டு மடங்குக்கு மேல் என்று கொண்டாடத் தோன்றும். அது தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம். கணக்கு எளிது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டப்பட்டிருந்தால், இரண்டு எண்களையும் கூட்டி அதன் வர்க்கமூலத்தை எடுங்கள்; அதை இரட்டியுங்கள். இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இருந்தால் நம்பலாம். 9ம் 4ம் சேர்ந்து 13. வர்க்கமூலம் சுமார் 3.6, இரட்டித்தால் 7.2. வித்தியாசம் 5தான். இன்னும் ஒன்றும் தெரியவில்லை.

கணக்கைப் பழகுவதற்காக ஒரு முடிவை எடுத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் தலைக்கு இரண்டாயிரம் முறை காட்டப்பட்டபின் வேகத்துக்கு 140 கிளிக், பொருத்தத்துக்கு 100. கூட்டினால் 240, வர்க்கமூலம் 15.5, இரட்டித்தால் 31. வித்தியாசம் 40. ஆக, வேகம் அதிகம் பேரைக் கிளிக் செய்ய வைக்கிறது என்பது உண்மை. இப்போது வாட்ஸ்அப்பைப் பாருங்கள்: வேகத்திலிருந்து 14 செய்தி, பொருத்தத்திலிருந்து 17. கூட்டினால் 31, வர்க்கமூலம் 5.6, இரட்டித்தால் 11. வித்தியாசம் 3. எந்தப் பக்கம் அதிகச் செய்தி கொண்டுவருகிறது என்று சொல்ல முடியாது. இங்கே நிறுத்திவிட்டு வேகம் ஜெயித்தது என்று அறிவிப்பவர், கிளிக்குக்குப் பணம் கட்டிக்கொண்டே இருப்பார். ஒரு கிளிக் ஒரு வெள்ளி என்று வைத்தால், வேகத்தில் ஒரு செய்திக்கு 10 வெள்ளி, பொருத்தத்தில் 6 வெள்ளிக்கும் சற்றுக் குறைவு. சோதனையைத் தொடர வேண்டும் என்பதற்கு அதுவே போதுமான காரணம். கூடவே வேகப் பக்கத்தில் வந்த செய்திகளைப் படித்துப் பாருங்கள். “நாளைக்கே முடியுமா?” என்று கேட்டு, முடியாது என்றதும் போனவர்கள் அதிகமாக இருந்தால், மூன்று நாள் என்பது அவசரக்காரர்களுக்கே போதாத வேகம் என்று தெரியும்.

சோதனை நடக்கும் காலத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் வேகம் கண்டிப்பாக மேலே வரும். அந்த முடிவை ஆடி மாதத்துக்கோ மார்கழிக்கோ கொண்டுபோக முடியாது. அப்போது கல்யாணங்கள் குறைந்து, அவசரமும் குறைந்திருக்கும். மேலும் தீபாவளி நெருக்கடியில் மூன்று நாள் என்ற வாக்கையே கடையால் காப்பாற்ற முடியாமல் போகலாம். அப்படியானால் அந்தத் தலைப்பை நிறுத்திவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓடுவதால் பண்டிகை இரண்டையும் சமமாகத் தொடும் என்பது சரி. ஆனால் போன மாதம் வேகம், இந்த மாதம் பொருத்தம் என்று மாற்றி ஓட்டி ஒப்பிடுபவருக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை.

சிறிய கடைக்கு ஒரு நேர்மையான எச்சரிக்கை. நான்கு வாரம் ஓட்டியும் பக்கத்துக்கு முப்பது கிளிக் கூட வரவில்லை என்றால், விளம்பரத்தை வைத்துக் கோணத்தைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு உங்களைத் தேடுபவர் எண்ணிக்கை இல்லை. சோதனையை மூடிவிட்டு, ஆறு தலைப்புகளையும் ஒரே விளம்பரத்தில் கலந்து விடுங்கள். அந்த நேரத்தில் வாசலில் நிற்கும் வாடிக்கையாளரிடம் “ஏன் இங்கே வந்தீங்கம்மா?” என்று கேட்டுப் பதிலை நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு இந்த அறிக்கைகளைவிட அதிகம் சொல்லும்.

கடைசியாக மொழி. தமிழ் எழுத்தில் தேடுபவர்கள் பினாங்கில் குறைவு. நம் பெண்களே பெரும்பாலும் `saree blouse tailor penang` என்றோ `tukang jahit baju saree` என்றோதான் தட்டச்சு செய்கிறார்கள். உங்கள் விளம்பரத்தை கூகிள் மொழிபெயர்த்துக் காட்டாது. ஆகவே ஒவ்வொரு மொழிக்கும் தனி விளம்பரக் குழு வேண்டும். சோதனைக்குப் போதுமான எண்ணிக்கை ஆங்கிலக் குழுவிலிருந்தும் மலாய்க் குழுவிலிருந்தும்தான் கிடைக்கும். கோணத்தைத் தமிழில் யோசித்துக்கொள்ளுங்கள். வாசகத்தை அந்தந்த மொழியில் புதிதாக எழுதுங்கள். மலாய்க் குழுவில் தேடுபவர்களில் சேலையை முதன்முதலாகக் கட்டப்போகும் மலாய்ப் பெண்ணும், தோழியின் கல்யாணத்துக்குப் போகும் சீனப் பெண்ணும் இருப்பார்கள். அவர்களிடம் அளவு பிளவுஸ் இருக்காது. ‘அளவு பிளவுஸ் கொடுத்தால் போதும்’ என்ற கோணம் அங்கே செல்லாது. அவர்களுடைய கவலை, பிளவுஸை எப்படித் தேர்ந்தெடுப்பது, சேலையை யார் கட்டிவிடுவது என்பதாக இருக்கும். அதற்குத் தமிழில் தலைப்பே எழுதியிருக்கமாட்டோம். ஆகவே மலாய்க் குழுவுக்கான கோணப் பட்டியலை அங்கிருந்து வரும் வாட்ஸ்அப் செய்திகளின் முதல் வரிகளிலிருந்து தனியாகத் தொடங்குங்கள்.